பச்சைக் கோடு ஏன் ஸ்கிரீன்ஷாட்டில் வருவதில்லை?

போன் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்ப்பவருக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறீர்கள். "கோடே இல்லையே" என்கிறார் அவர். அதே படத்தை உங்கள் போனில் திறந்தால் கோடு இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

திரையில் தெரிய வேண்டிய படம் முதலில் போனின் நினைவகத்தில் எண்களாக உருவாகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். அந்த எண்கள் திரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒளியாகின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது போன் அந்த எண்களை அப்படியே நகலெடுத்துக்கொள்கிறது. கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று அது பார்ப்பதே இல்லை. அதனால்தான் எழுத்துகள் அவ்வளவு கூர்மையாக விழுகின்றன. திரையில் இருக்கும் கீறலோ மங்கலோ அதில் வராததற்கும் அதுவே காரணம்.

இதை வைத்தே பழுது எங்கே என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஸ்கிரீன்ஷாட்டை வேறொரு போனில் திறந்து பாருங்கள். அங்கே கோடு இல்லையென்றால் கோளாறு திரையிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது. அங்கேயும் தெரிந்தால் படம் உருவாகும் இடத்திலேயே, அதாவது மென்பொருளிலோ கிராபிக்ஸ் சிப்பிலோ ஏதோ தவறு.

திரையின் கோளாறைக் காட்ட இன்னொரு போனால் போட்டோ எடுப்பதுதான் வழி. போட்டோ, திரையிலிருந்து வெளிவரும் ஒளியைப் பிடிக்கிறது. ஆனால் திரையின் புள்ளி வரிசையும் கேமரா சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, இல்லாத அலைக்கோடுகள் படத்தில் முளைக்கும். கொஞ்சம் தள்ளி நின்றோ சாய்த்துப் பிடித்தோ எடுத்தால் அவை மாறும், சில சமயம் மறைந்தே போகும். பச்சைக் கோடு எப்படி எடுத்தாலும் அதே இடத்தில் நிற்கும்.

ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் ஸ்கிரீன்ஷாட்டைப் போலத் திரைக்கு முன்பே எடுக்கப்படுவதுதான். நொடிக்கு 30 அல்லது 60 முறை எடுக்கிறது, அவ்வளவுதான். 1920×1080 அளவில் ஒரு படத்துக்குச் சுமார் 6 எம்பி. நொடிக்கு 30 என்றால் 180 எம்பிக்கு மேல்! அத்தனையையும் சேமிக்க முடியாது என்பதால், முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் பெரும்பாலும் குறித்துக்கொள்கிறது, நுணுக்கங்களையும் கொஞ்சம் கழித்துவிடுகிறது. வேகமாக ஸ்குரோல் செய்தால் சின்ன எழுத்துகள் குழம்புவது இதனால்தான். பிழைச் செய்தியைப் படிக்க வேண்டும் என்றால் ஸ்கிரீன்ஷாட்டே நல்லது. எந்தப் பட்டனை அழுத்தியதும் ஆப் மூடிக்கொள்கிறது என்று காட்ட ரெக்கார்டிங்.

சரி, திரை விட்டுவிட்டு மினுங்குகிறது என்றால்? போட்டோவில் அந்த நொடி சிக்காமல் போகலாம். முதலில் ரெக்கார்டிங் எடுத்து வேறு போனில் ஓட்டிப் பாருங்கள். அதில் மினுங்கல் இல்லையென்றால், இன்னொரு போனின் கேமராவால் திரையை வீடியோ எடுத்து அனுப்புங்கள்.