ஊராட்சியில் டூவீலர் ஒர்க்‌ஷாப்: 35 சதவீத மானியம் எப்படிக் கிடைக்கும்?

தருமபுரி பக்கம் மெக்கானிக் வேலை தெரிந்த பலர் சொந்தமாகக் கடை போட நினைத்ததும் டவுனில்தான் இடம் தேடுகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் (பி.எம்.இ.ஜி.பி.) கடன் வாங்கப் போகிறவர்கள் அதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் மானியம் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம். பொதுப் பிரிவுக்கு இது 15, 25 சதவீதம். மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உள்ள பி.சி., எம்.பி.சி. சமூகத்தாரும் சிறப்புப் பிரிவில் வருவார்கள் என்பது நம் ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாமலே இருக்கிறது.

பென்னாகரம் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சியில், எம்.பி.சி. பிரிவைச் சேர்ந்த ஒருவர் 4 லட்ச ரூபாயில் ஒர்க்‌ஷாப் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏர் கம்ப்ரசர், லிஃப்ட், ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், புல்லர்கள், மல்டிமீட்டர், பேட்டரி சார்ஜர் எல்லாம் சேர்த்து 2,20,000. ஸ்கேனர் 30,000. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவை எஃப்.ஐ. என்பதால், ஸ்கேனர் இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டு வரும் வண்டியைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டும். தளம், ஒயரிங் 50,000. ஆயில், ஸ்பேர் வாங்க நடைமுறை மூலதனம் 1 லட்சம்.

இதில் கைக்காசு 5 சதவீதம், அதாவது 20,000. வங்கி 3,80,000 தரும். மானியம் 1,40,000 கைக்கு வராது. அவர் பெயரில் வங்கியிலேயே 3 வருடம் வைப்பாக இருக்கும். அந்தத் தொகைக்கு ஈடான கடனுக்கு வட்டி கிடையாது. உண்மையில் அவர் கட்ட வேண்டியது 2,40,000-க்குத்தான். இதே கடையை நகராட்சி எல்லைக்குள் போட்டால் மானியம் 1 லட்சம்தான்.

விண்ணப்பம் kviconline.gov.in தளத்தில். ஏற்கெனவே நடக்கும் கடைக்கு இது கிடையாது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான். 10 லட்சம் வரையிலான திட்டத்துக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. ஒன்றிய அரசு இதற்கு 2025-26 வரை ஒப்புதல் தந்திருந்தது. ஆகவே மனு போடும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, பில் இல்லாமல் பழைய டூல்ஸ் வாங்குவது. ஜி.எஸ்.டி. எண் உள்ள கொட்டேஷன் இருந்தால்தான் வங்கி கருவி விற்கும் கடைக்கே நேரடியாகப் பணம் அனுப்பும். இன்னொன்று, அந்த 1 லட்சம் நடைமுறை மூலதனம். வட்டிக்குப் பயந்து அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். 3 வருடத்துக்குள் ஒரு முறையாவது அதை முழுதாக எடுத்திருக்க வேண்டும், சராசரியாக 75 சதவீதம் பயன்பாட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அளவுக்கு மானியம் திரும்பிப் போய்விடும்.

கூலி எவ்வளவு வாங்குவது என்பதையும் இந்தக் கடனிலிருந்தே கணக்கிடலாம். 2,40,000-ஐ 11 சதவீத வட்டியில் 5 வருடம் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 5,200. வாடகை 4,000, கரண்ட் 800, உதவிப் பையனுக்கு 10,000, தனக்குச் சம்பளம் 18,000 என்றால் மொத்தம் 38,000. மாதம் 25 நாள், தினமும் 5 மணி நேரம் கூலி கிடைக்கும் வேலை என்று வைத்தால் மணிக்குச் சுமார் 300 ரூபாய். பக்கத்துக் கடைக்காரர் 200 வாங்குகிறார் என்று நாமும் 200-க்கு இறங்கினால், குறைந்த காசை ஸ்பேரில் ஏற்றத் தோன்றும். அங்கேதான் பெயர் கெடும். கூலியை போர்டில் எழுதிப் போட்டு, ஸ்பேருக்கு எம்.ஆர்.பி.-க்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காமல் இருப்பதே நியாயமான வழி. எம்.ஆர்.பி.-யைத் தாண்டி விற்பது சட்டப்படி குற்றமும்கூட.

பிரேக் ஷூ மாற்றினால் கழற்றிய பழைய ஷூவைப் புதிதின் பக்கத்தில் வைத்து வண்டிக்காரரிடம் காட்டுங்கள். லைனிங் தேய்ந்து இரும்பு தெரிவதை அவர் கண்ணாலேயே பார்ப்பார். “அண்ணா, பின்னாடி ஷூவை மட்டும் மாத்தியிருக்கேன், முன்னாடி இன்னும் ஓடும்” என்று சொல்லி, பழையதை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஸ்பேர் தனி, கூலி தனி என்று பிரித்து பில் எழுதுங்கள். பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

அந்த பில் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். கடை நடக்கிறதா என்று நேரில் ஆய்வு செய்த பிறகுதான் வைப்பில் உள்ள மானியத்தைக் கடனில் வரவு வைப்பார்கள். ஆய்வுக்கு வருகிறவரிடம் காட்ட 3 வருட பில் புத்தகங்களும் கருவி வாங்கிய ரசீதுகளும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.