ஒரே கோட்டில் எடுத்த இரண்டு புள்ளிகள்

சிங்கப்பூரின் ஈசூனில் ஓர் அடுக்குமாடி வீடு. சாப்பாட்டு மேசையில்தான் எங்கள் துணைப்பாட வகுப்பு நடக்கும். மாணவி தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு, எச்2 ஃபர்தர் மேத்ஸ் எடுத்திருக்கிறாள். ஒரு சனிக்கிழமை அவளுக்கு இந்த இரண்டையும் எழுதிக் கொடுத்தேன்.

```
A:  x² − 2xy + y² = 0
B:  x² − 3xy + 2y² = 0
```

R² என்ற தளத்தில் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பொருந்துகிற (x, y) புள்ளிகளை எல்லாம் திரட்டினால் ஒரு கணம் கிடைக்கும். அந்தக் கணம் உள்வெளியா, அதாவது வகுப்பில் சப்ஸ்பேஸ் என்று சொல்கிறார்களே, அதுவா என்பது கேள்வி.

"டீச்சர், ரெண்டுலயும் வர்க்கம் இருக்கு, லீனியர் இல்ல. அதனால ரெண்டுமே சப்ஸ்பேஸ் கிடையாது" என்றாள். பார்த்துச் சொல்லாதே, சோதித்துப் பார் என்றேன். பத்து நிமிடம் கழித்துத் தாளை என் பக்கம் திருப்பினாள். இப்போது இரண்டுமே சப்ஸ்பேஸ் என்று எழுதியிருந்தது. உண்மையில் ஒன்று உள்வெளி, மற்றொன்று இல்லை. அவளுடைய இரண்டாவது பதில் எப்படித் தவறியது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். முதல் தவறு கண்ணில் பட்டுவிடும். இரண்டாவது, சரியான நிரூபணம் போலவே தாளில் உட்கார்ந்திருக்கும்.

சோதனை மூன்று. பூச்சிய வெக்டர் கணத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எந்த இரண்டைக் கூட்டினாலும் விடை உள்ளேயே விழ வேண்டும். உள்ளே இருக்கும் எதை எந்த எண்ணால் பெருக்கினாலும் விடை உள்ளேயே விழ வேண்டும். பின்னிரண்டுக்கும் அடைவுப் பண்பு என்று பெயர். வெக்டர் வெளிக்குரிய மற்ற விதிகளைத் தனியே சரிபார்க்கத் தேவையில்லை; பெரிய வெளியில் அவை ஏற்கெனவே பொருந்துவதால் உள்ளே இருப்பவற்றுக்கும் தாமாகவே பொருந்திவிடும்.

பூச்சியத்தை எதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. வெற்றுக் கணத்தில் கூட்டவும் பெருக்கவும் எதுவுமே இல்லை, ஆகவே அடைவுச் சோதனை இரண்டிலும் அது தேறிவிடும். அதைத் தடுப்பது பூச்சியச் சோதனை மட்டும்தான். தவிர, x − 3y = 1 போன்றவற்றை அது ஒரே வரியில் தள்ளிவிடும்.

A, B இரண்டிலும் (0, 0) இருக்கிறது. பெருக்கலும் தேறுகிறது: x, y இரண்டையும் k மடங்காக்கினால் ஒவ்வோர் உறுப்பிலும் k² வெளியே வரும், மீதி பூச்சியம். இதுவரை அவள் எழுதியது எல்லாம் சரி. கூட்டலில்தான் சிக்கல். B-க்கு அவள் முதலில் (1, 1), (3, 3) என்ற இரண்டு புள்ளிகளை எடுத்திருந்தாள். இரண்டும் பொருந்தும். கூட்டினால் (4, 4). போட்டுப் பார்த்தால் 16 − 48 + 32 = 0. எண்களை மட்டும் வைத்து நிறுத்தக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், அதனால் u = (a, a), v = (b, b) என்று எழுத்துகளுக்கு மாற்றி, u + v = (a+b, a+b), இதுவும் பொருந்துகிறது என்று முடித்துவிட்டாள்.

எழுத்துகள் வந்துவிட்டதால் அது பொதுவான நிரூபணம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் (a, a) என்பது B-யில் இருக்கும் எல்லாப் புள்ளியும் அல்ல. B-யைக் காரணிப்படுத்தினால் (x − y)(x − 2y) = 0. அதாவது x = y, x = 2y என்று ஆதியில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகள். அவள் எடுத்த இரண்டு புள்ளியும் ஒரே கோட்டில் இருந்தன. ஒரு கோட்டுக்குள் கூட்டிக்கொண்டே இருந்தால் நாள் முழுக்கக் கூட்டினாலும் கோட்டை விட்டு வெளியே வரமுடியாது. ஒரு புள்ளியை அடுத்த கோட்டில் இருந்து, (2, 1) என்று எடுக்கச் சொன்னேன். (1, 1) + (2, 1) = (3, 2). அவளே போட்டுப் பார்த்தாள்: 9 − 18 + 8 = −1. பூச்சியம் இல்லை. பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த −1-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த கணக்கில் கைகொடுக்கும். காரணி எதுவும் போடாமல் (x₁, y₁), (x₂, y₂) என்று எழுதி, கூட்டியதை B-யில் போட்டு விரியுங்கள். முதல் புள்ளிக்கு மட்டும் உரிய உறுப்புகள் சேர்ந்து பூச்சியம், இரண்டாவதற்கு உரியவையும் பூச்சியம். இரண்டும் கலந்த உறுப்புகள் மட்டும் மிஞ்சும்:

```
2x₁x₂ − 3(x₁y₂ + x₂y₁) + 4y₁y₂
```

(1, 1), (2, 1) ஆகியவற்றை இதில் போட்டால் 4 − 9 + 4 = −1. அதே −1. கூட்டலுக்கு அடைவு உண்டா என்ற கேள்வி, இந்தக் கலப்பு மிச்சம் எப்போதும் பூச்சியமாகுமா என்ற கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. A-யை இதே போல் விரித்தால் மிச்சம் 2(x₁ − y₁)(x₂ − y₂). A என்பது (x − y)² = 0, ஆகவே அதில் உள்ள எந்தப் புள்ளிக்கும் x − y பூச்சியம். மிச்சமும் பூச்சியம். A, x = y என்ற ஒரே கோடுதான்; அது உள்வெளி. வர்க்கம் இருப்பதால் மட்டும் ஒரு கணத்தைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் என் மாணவர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகக் கேட்பேன். u, v என்று எழுதும்போது அவை கணத்தில் இருக்கின்றன என்பதைச் சமன்பாடாகவே எழுத வேண்டும். "இப்படி இருக்கும்" என்று ஒரு வடிவத்தை ஊகித்து எழுதக் கூடாது. வடிவம் தேவைப்பட்டால், கணத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அந்த வடிவத்தில் வரும் என்று முதலில் காட்டிவிட வேண்டும். இல்லை என்று நிறுவுவதற்கோ ஓர் எடுத்துக்காட்டே போதும், அதை எண்களில் கொடுப்பதுதான் நல்லது. "பொதுவாகப் பூச்சியம் ஆகாது" என்று மட்டும் எழுதி விடுகிறவர்களின் தாளில் நான் சிவப்பில் கோடு போடுவேன். ஆகாத ஒரு ஜோடியைக் காட்டினால்தான் விடை முடியும்.

பெருக்கலில் தோற்கும் கணங்களும் இருக்கின்றன. x, y இரண்டும் முழு எண்களாக உள்ள புள்ளிகளைக் கூட்டலாம், கழிக்கலாம், வெளியே போகாது. (1, 0)-ஐ ½ ஆல் பெருக்கினால் போய்விடும். பெருக்கிப் பார்க்கும்போது 2, 3, −1 என்று முழு எண்களையே எடுப்பவர்களுக்கு இது கடைசிவரை தென்படாது.

கிளம்பும் நேரத்தில் அவள் ஒன்று கேட்டாள்: "x² + y² = 0 எப்படி டீச்சர்?" மெய்யெண்களில் இதற்குப் பொருந்துவது (0, 0) மட்டும். பூச்சியம் மட்டுமே உள்ள கணமும் உள்வெளிதான். கலப்பெண்களில், அதாவது C² இல் எடுத்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டேன். அவள் உட்காராமல் மேசையில் குனிந்தபடியே (x + iy)(x − iy) என்று எழுதினாள். கீழே (1, i), (1, −i) என்று கோட்டுக்கு ஒன்றாக இரண்டு புள்ளிகள். கூட்டல் (2, 0). அடுத்த வரியில் 4 என்று எழுதி வட்டமிட்டாள்.