மூன்றாம் இடத்தில் குத்திய ஒரு பின்: தேடல் விளம்பரத் தலைப்புகளும் வலிமை மதிப்பீடும்

கூகுள் ஆட்ஸில், நாம் தரும் பல தலைப்புகளையும் விளக்க வரிகளையும் கூகுளே மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும் ரெஸ்பான்சிவ் தேடல் விளம்பரங்களைக் கையாளும் என்னிடம், கணக்கை ஒப்படைக்கும்போது பலரும் முதலில் காட்டுவது "Poor" என்று சிவப்பாக நிற்கும் விளம்பர வலிமை மதிப்பீட்டைத்தான். அதன் காரணத்தைத் தேடிப் போனால், பல வேளைகளில் தலைப்புகளை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கக் குத்தப்பட்ட பின்கள் தென்படும். அண்மையில் நான் சரிசெய்த ஒரு கணக்கில் மதிப்பீட்டைவிடப் பெரிய பிழை ஒன்று அந்தப் பின்களுக்குள் ஒளிந்திருந்ததால், அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சம்பளக் கணக்கு மென்பொருளைச் சந்தா முறையில் விற்கும் நிறுவனத்தின் கணக்கு அது. புதியவர்களுக்கு 14 நாள் இலவசம். 15-ஆம் நாளிலிருந்து கட்டணம். இலவசம் என்ற சொல் வரும் விளம்பரம் ஒவ்வொன்றிலும் கட்டணம் பற்றிய நிபந்தனையும் தெரிய வேண்டும் என்று அவர்களுடைய சட்டப் பிரிவு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. எனவே முன்பு கணக்கைப் பார்த்தவர், நிறுவனத்தின் பெயரை முதல் இடத்திலும், "14 நாள் இலவசம்" என்ற தலைப்பை இரண்டாம் இடத்திலும், "15-ஆம் நாள் முதல் கட்டணம்" என்பதை மூன்றாம் இடத்திலும் பின் செய்துவிட்டார். பெயர், சலுகை, நிபந்தனை என்று வரிசையாகப் படிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். எழுதிப் பார்த்தால் அது ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்த விளம்பர வகையில் மூன்று தலைப்புகள் வரை காட்டப்படும் என்றுதான் கூகுள் சொல்கிறதே தவிர, மூன்றும் கட்டாயம் தோன்றும் என்று சொல்வதில்லை. மூன்றாம் தலைப்புக்கும் இரண்டாம் விளக்க வரிக்கும் எந்த உறுதியும் கிடையாது. எப்போதும் தெரிய வேண்டிய வாசகம் எதுவானாலும் அதை முதல் தலைப்பிலோ, இரண்டாம் தலைப்பிலோ, முதல் விளக்க வரியிலோதான் பின் செய்ய வேண்டும். மூன்றாம் இடத்தில் குத்திய ஒரு பின், "இது தோன்றினால் இங்கே மட்டும் தோன்றட்டும்" என்று சொல்கிறதேயன்றி, தோன்றியே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. எனவே, காக்க வேண்டும் என்று நினைத்த நிபந்தனைதான் சில வேளைகளில் மறைந்துபோயிற்று. சலுகை மட்டும் தவறாமல் தெரிந்தது.

இரண்டாவது பிழை வளைந்துகொடுக்கும் தன்மையைப் பற்றியது. ஒரு விளம்பரத்தில் 15 தலைப்புகளும் 4 விளக்க வரிகளும் வரை தரலாம். எந்தப் பின்னும் இல்லாவிட்டால், மூன்று தலைப்புகளை வரிசை மாற்றி அடுக்க 15 × 14 × 13, அதாவது 2,730 வழிகள் உண்டு. ஒரே ஒரு தலைப்பை முதல் இடத்தில் பின் செய்தால், அந்த இடத்தில் வேறு எதுவும் வராது. மீதி 14 தலைப்புகள் இரண்டு இடங்களுக்குப் போட்டியிட, வழிகள் 182 ஆகக் குறைகின்றன. இரண்டாம் இடத்திலும் ஒன்றைக் குத்தினால் 13. மூன்று இடங்களிலும் ஒவ்வொன்று குத்தினால் ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கில் 15 தலைப்புகள் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் 12 தலைப்புகளுக்கு நிற்க இடமே இல்லை. மதிப்பீடு ஏறட்டும் என்று அந்தப் பன்னிரண்டையும் ஒருவர் உட்கார்ந்து திருத்தி எழுதியிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டபோது எனக்குச் சங்கடமாகவே இருந்தது.

இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். விளம்பரத்தின் கீழே, சொத்துகள் எனப்படும் தலைப்புகள், விளக்க வரிகளின் விவரங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை தோன்றியது என்று காட்டும் இம்ப்ரெஷன் நெடுவரிசையைப் பாருங்கள். பல வாரங்களாக ஓடும் விளம்பரத்தில் ஒரு தலைப்பு பூஜ்யத்திலேயே நின்றால், அதற்கு இடம் கிடைக்கிறதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். அதே பக்கத்தில் உள்ள சேர்க்கைகள் அறிக்கை, எந்தத் தலைப்புகள் எந்த விளக்க வரிகளோடு சேர்ந்து தோன்றின என்பதைக் காட்டும்.

சரிசெய்யும்போது, உண்மையில் எது நிலையாக நிற்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினோம். நிறுவனத்தின் பெயர் இணைய முகவரியிலேயே தெரிவதால் அதன் பின்னை எடுத்துவிட்டோம். சலுகை எப்போதும் தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாரும் விதிக்கவில்லை. சலுகை தெரியும்போது நிபந்தனையும் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. அப்படியென்றால், நிபந்தனை ஒரு நிலையான இடத்தில் இருந்துவிட்டால் சலுகை எங்கு வேண்டுமானாலும் அலையலாம். எனவே நிபந்தனையைத் தலைப்பிலிருந்தே நீக்கி, 90 எழுத்துகள் வரை இடமுள்ள விளக்க வரிக்குக் கொண்டுபோனோம். அதையே இரண்டு விதமாக எழுதி, இரண்டையும் முதல் விளக்க இடத்தில் பின் செய்தோம். ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வாசகங்களைப் பின் செய்யலாம். அவை அந்த இடத்தில் மாறி மாறி வரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓர் இடத்துக்கு இரண்டு அல்லது மூன்று வாசகங்களைப் பின் செய்யுங்கள் என்றுதான் கூகுளும் பரிந்துரைக்கிறது.

தேடுபவரின் சொல்லை ஒட்டிய தலைப்பு முதலில் வருவது நல்லது என்று அவர்கள் விரும்பியதால், சம்பளக் கணக்கு என்ற சொல் வரும் நான்கு தலைப்புகளை மட்டும் முதல் இடத்தில் பின் செய்து, மீதி 11 தலைப்புகளைச் சுதந்திரமாக விட்டோம். இப்போது தலைப்பு வரிசைகள் 4 × 11 × 10, அதாவது 440. விளக்க வரிகளில், முதல் இடத்துக்கு இரண்டு, இரண்டாம் இடத்துக்கு மீதி இரண்டு என நான்கு வழிகள். முன்பு ஒரு தலைப்பு வரிசையும் விளக்க வரிகளின் 12 வழிகளும் மட்டுமே இருந்த இடத்தில் இப்போது 1,760 சேர்க்கைகள் இருக்கின்றன. நிபந்தனையும் எங்கும் தவறவில்லை.

இந்தப் பெரிய எண்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். மாதம் சில நூறு இம்ப்ரெஷன்களே வரும் விளம்பரக் குழுவில் 2,730 வரிசைகளையும் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு எந்த இயந்திரத்துக்கும் தரவு கிடைக்காது. அத்தகைய குழுவில், நன்கு யோசித்து ஒரு தலைப்பைப் பின் செய்வதால் ஏற்படும் இழப்பு காகிதத்தில் தெரிவதைவிடக் குறைவு. நாள்தோறும் ஆயிரக்கணக்கில் இம்ப்ரெஷன் வரும் குழுவில்தான் பின் உண்மையில் விலை கேட்கும்.

மதிப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விளம்பர வலிமை என்பது நீங்கள் கொடுத்த வாசகங்களின் எண்ணிக்கை, அவற்றுக்குள் இருக்கும் வேறுபாடு, கீவேர்டுகளோடு உள்ள பொருத்தம் ஆகியவற்றை வைத்துத் தரப்படும் ஓர் அளவு. பின்கள் வாசகங்களின் பயன்பாட்டைக் குறைப்பதால் அவை மதிப்பீட்டையும் இறக்குகின்றன. ஆனால் எந்த விளம்பரம் எங்கே தோன்றும் என்று முடிவு செய்யும் ஏலத்துக்குள் அந்த மதிப்பீடு நுழைவதில்லை. "Poor" என்று இருப்பதாலேயே விளம்பரம் கீழே தள்ளப்படுவதில்லை. மாற்றம் பயன் தந்ததா என்பதை, வந்தவர் சந்தாவில் சேர்வது போன்ற கன்வர்ஷன்களின் எண்ணிக்கையையும் ஒரு கன்வர்ஷனுக்கு ஆகும் செலவையும் கொண்டு பாருங்கள். கிளிக் விகிதத்தை மட்டும் நம்பினால் தவறான முடிவுக்கு வரலாம். பின்களைத் தளர்த்திய விளம்பரம் இதுவரை நுழையாத தேடல்களிலும் தோன்றத் தொடங்கினால், விகிதம் சற்று இறங்கிக்கொண்டே மொத்தக் கன்வர்ஷன் ஏறுவதும் உண்டு.

அந்தக் கணக்கின் மதிப்பீடு "Average" வரை வந்து நின்றது. அதை "Excellent" ஆக்க முடியாதா என்று அவர்கள் கேட்டார்கள். விளக்க வரியில் உள்ள இரண்டு பின்களை எடுத்தால் மதிப்பீடு ஏற வாய்ப்புண்டு என்று சொன்னேன். எடுத்தால் நிபந்தனை தெரியாமல் சலுகை மட்டும் தெரியும் விளம்பரங்கள் மறுபடியும் வெளியே போகும் என்பதையும் சொன்னேன். பின்கள் அங்கேயே இருக்கின்றன.