துணி எங்கே முடிகிறது, பிசிறு எங்கே தொடங்குகிறது?

கொழும்பு புறக்கோட்டையில், பிரதான வீதியிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் மொத்தத் துணி வாங்க வருகிறவர்கள் சின்னத் துண்டொன்றை வெட்டி வாங்கி, கடை மேசையிலேயே வைத்துப் படமெடுத்து அனுப்புவது வழக்கம். அந்தப் படத்தில் துணி மட்டும் இருக்காது. சுற்றிலும் மேசை தெரியும், ஓரங்களில் நூல் பிரிந்து நிற்கும், தூக்கி நிற்கும் ஓரத்தின் கீழே நிழல் விழும். கண்ணால் பார்க்க இது போதும். ஆனால் அந்தப் படத்திலிருந்து நிறத்தை அளக்கவோ, நூல்களை எண்ணவோ, கட்டத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கி முழுச் சாரம் எப்படி இருக்கும் என்று பார்க்கவோ வேண்டுமானால், சுத்தமான துணிப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தாக வேண்டும். இதைக் கணினி தானாகச் செய்வது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எடுத்துக்காட்டாக மருதமுனைக் கைத்தறிச் சாரத் துணி ஒன்றை வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. சதுரத் துண்டு, சந்தன நிறத் தரையில் நீலக் கட்டம், அடியில் பழுப்பு நிற மரமேசை. பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்துப் படமெடுத்ததில் 1 செ.மீ.க்கு 200 பிக்சல் வருகிறது. அப்படியானால் துண்டின் பக்கம் 2000 பிக்சல். துண்டு 3 பாகை சாய்ந்து கிடக்கிறது. கையால் வைத்தால் இவ்வளவு சாய்வு வராமல் இராது.

முதலில் எவருக்கும் தோன்றும் வழி நிறம்தான். மேசை பழுப்பு, துணி சந்தனம், இரண்டையும் பிரித்துவிட்டு, துணியைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டால் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் 3 பாகை சாய்ந்த 2000 பிக்சல் சதுரத்தை முழுதாக உள்ளடக்கும் நேரான சதுரத்துக்குப் பக்கம் 2102 பிக்சல் வேண்டும். அதன் பரப்பில் ஏறக்குறைய 9.5 சதவீதம் மேசை. 0 முதல் 255 வரை எண்ணும் நீல அலைவரிசையில் துணியின் சராசரி 200, மேசையினது 80 என்றால், வெட்டிய படத்தின் சராசரி 189க்கு இறங்கிவிடும். அதாவது சந்தன நிறத் துணி கொஞ்சம் மஞ்சளித்ததாகப் பதிவாகும். இதில் பிசிறின் பங்கை இன்னும் சேர்க்கவில்லை.

பிசிறுதான் உண்மையான சிக்கல். அது துணியின் நிறத்திலேயே இருப்பதால் நிறத்தைப் பார்க்கும் எந்த முறையும் அதைத் துணி என்றே சொல்லும். மேசையும் சில வேளைகளில் துணியின் நிறத்திலேயே இருக்கும், அப்போது நிறம் முழுதாகவே கைவிட்டுவிடும்.

ஆகவே, துணியைத் துணியாக்குவது எது என்று நெசவிலிருந்தே கேட்க வேண்டும். நெய்த துணியில் நீளவாக்கில் பாவு நூல் ஓடும், குறுக்கே ஊடை நூல் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் அது துணி. வெட்டிய ஓரத்தில் என்ன நடக்கிறது? பாவுக்கு இணையாக வெட்டினால், கடைசிப் பாவு நூலை வெளிப்பக்கத்தில் பிடித்து வைக்க எதுவும் இல்லை. தொட்டால் அது நழுவி விழும், பிறகு அடுத்ததும் விழும். மிஞ்சுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஊடை நுனிகள். ஊடைக்கு இணையாக வெட்டிய ஓரத்தில் இது தலைகீழாக நடக்கும்: ஊடை உதிரும், பாவு நுனிகள் நிற்கும். ஆக, பிசிறு என்பது இரண்டு நூல் திசைகளில் ஒன்று இல்லாமற்போன இடம். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

படத்தில் இதை அளக்க, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் கிடையாக எவ்வளவு மாறுகிறது, செங்குத்தாக எவ்வளவு மாறுகிறது என்று தனித்தனியே கணக்கிடுகிறோம். செங்குத்து நூல்களைக் கிடையாகக் கடந்து போனால் மேடு, பள்ளம், மேடு என்று வெளிச்சம் துள்ளும். ஆகவே கிடைத்திசை மாற்றம் செங்குத்து நூல்களைக் காட்டும், செங்குத்துத்திசை மாற்றம் கிடை நூல்களைக் காட்டும். சுற்றியுள்ள நான்கைந்து நூல் அகலத்துக்கு இவற்றைச் சராசரி எடுத்து, இரண்டில் எது சிறியதோ அதை மட்டும் வைத்துக்கொள்கிறோம். கீழே g என்பது கறுப்பு வெள்ளையாக மாற்றிய படம்.

```python
gx = cv2.Sobel(g, cv2.CV_32F, 1, 0)
gy = cv2.Sobel(g, cv2.CV_32F, 0, 1)
ex = cv2.blur(gx * gx, (41, 41))
ey = cv2.blur(gy * gy, (41, 41))
m = np.minimum(ex, ey)
h, w = m.shape
mid = np.median(m[h//3:2*h//3, w//3:2*w//3])
mask = m > 0.5 * mid
```

சிறியதை எடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வழவழப்பான மேசையில் இரண்டு மாற்றங்களுமே குறைவு, எனவே சிறியதும் குறைவு. மரத்தின் ரேகைகள் படத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக ஓடினால் ஒன்று பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் இருக்கும், சிறியது மறுபடியும் குறைவுதான். பிசிறிலும் அதே கதை. இரண்டும் பெரிதாக இருப்பது துணிக்குள்ளே மட்டும். கடைசி வரியில் வரும் 0.5, படத்தின் நடுப்பகுதியில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, அதில் பாதிக்குக் கீழே போனால் துணி அல்ல என்று தள்ளுகிறது. துண்டு படத்தின் நடுவில் இருக்கிறது என்பதை மட்டும் இது நம்பியிருக்கிறது. கடும் நீலக் கட்டங்களில் வெளிச்சமே குறைவாக இருப்பதால் அங்கே அளவும் இறங்கும். அதற்கு முன்கூட்டியே ஒவ்வோர் இடத்தின் மாற்றத்தையும் அந்த இடத்தின் சராசரி வெளிச்சத்தால் வகுத்துவிட்டால் கட்டங்களுக்குள் ஓட்டை விழாது.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர, நூல்கள் படத்தின் பக்கங்களுக்கு நேராக இருக்க வேண்டும். எனவே சாய்வை முதலில் நீக்க வேண்டும். எதை வைத்து? வெட்டிய ஓரத்தை வைத்து நேராக்கக் கூடாது, ஏனென்றால் கத்தரி நூலோடு ஒட்டிப் போயிருக்கும் என்று சொல்லவே முடியாது. மாதிரித் துண்டுகளைப் பல்வைத்த கத்தரியால் வெட்டினால் ஓரம் முழுக்க வளைந்து வளைந்துதான் இருக்கும். நூலின் திசையையே நம்ப வேண்டும். துணியின் நடுவிலிருந்து ஒரு சதுரத்தை எடுத்து, படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றம் செய்தால், சீராகத் திரும்பத் திரும்ப வரும் நூல்கள் தெளிவான ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும். மையத்திலிருந்து அந்தப் புள்ளிகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றனவோ அதுவே சாய்வு. மையத்திலிருந்து அவை நிற்கும் தூரம் நூல் இடைவெளியையும் சொல்லிவிடும். நம் துணியில் செ.மீ.க்கு 25 நூல், அதாவது நூலுக்கு 8 பிக்சல்.

3 பாகையைத் திருப்பாமலே, துண்டுக்குள் அடங்கும் நேரான சதுரத்தை வெட்டினால் என்ன என்று கேட்கலாம். அடங்கும் மிகப்பெரிய சதுரம் 1903 பிக்சல்தான், பரப்பில் 9 சதவீதத்துக்கு மேல் வீணாகும். கட்டங்களும் சாய்ந்தே இருக்கும் என்பதால் அடுக்கிப் பார்க்கவும் முடியாது.

திருப்பிய பிறகு ஒவ்வோர் ஓரமாக உள்ளே நடந்து பார்ப்போம். வலப்பக்கம் 100 பிக்சல் வரை ஊடை நுனிகள் மட்டுமே நிற்கின்றன. மேலே 60, கீழே 80. இடப்பக்கம் வேறு மாதிரி: அது வெட்டிய ஓரமல்ல, தறியிலேயே ஊடை திரும்பி மூடிய ஓரம். அங்கே பிசிறு இல்லை, இரண்டு திசை நூலும் இருக்கிறது, ஆகவே நம் கணக்கு அதைத் துணி என்று ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த ஓரத்தில் பாவு நெருக்கமாக இருக்கும். நூல் இடைவெளி 8 பிக்சலிலிருந்து 6க்கு இறங்குவதைப் பார்த்துத்தான் அந்த 120 பிக்சலைக் கழிக்க முடியும். இடைவெளி இன்னொன்றையும் காட்டும். பிசிறுக்குச் சற்று உள்ளே நூல்கள் உதிராமல், ஆனால் தளர்ந்து விலகி நிற்கும், அங்கே இடைவெளி கூடும். அதற்காக நான்கு பக்கமும் இன்னும் 32 பிக்சல், அதாவது நான்கு நூல் அகலம், உள்ளே வருகிறோம். மிஞ்சுவது அகலத்தில் 1716, உயரத்தில் 1796.

உண்மையில் பிசிறு நேர்கோட்டில் நிற்காது, ஓரிடத்தில் ஆழமாகவும் இன்னோரிடத்தில் மேலோட்டமாகவும் இருக்கும். அதனால் பக்கத்துக்கு ஓர் எண் என்று கழிப்பதைவிட, துணி என்று குறித்த புள்ளிகளுக்குள் முழுதாக அடங்கும் மிகப்பெரிய செவ்வகத்தைத் தேடுவதே நல்லது. ஒவ்வொரு வரிசையிலும் நின்று, தலைக்கு மேலே இடைவிடாமல் எத்தனை புள்ளிகள் துணி என்று நெடுவரிசை வாரியாக எண்ணி, அந்த உயரங்களுக்குள் அடங்கும் மிகப்பெரிய செவ்வகத்தை எடுத்தால் போதும். படத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே ஓடி முடிக்கும்போது விடை கிடைத்துவிடும்.

கடைசியாக, கட்டம் 2.8 செ.மீ.க்கு ஒரு தடவை திரும்புகிறது, அதாவது 560 பிக்சல். 1716க்குள்ளும் 1796க்குள்ளும் மூன்று முழுக் கட்டங்கள்தான் அடங்கும். எனவே 1680 பிக்சல் சதுரத்தில் நிறுத்துகிறோம். மிச்சத்தை வைத்துக்கொண்டால், கட்டத்தின் நீலப் பகுதி ஒரு பக்கம் அதிகமாக விழுந்து சராசரி நிறத்தை இழுத்துவிடும். 10 செ.மீ. துண்டில் 8.4 செ.மீ. கிடைத்தது. பரப்பில் 70 சதவீதம்தான் என்றாலும் அதில் ஒவ்வொரு புள்ளியும் துணி.

இது தவறும் இடங்களும் உண்டு. படத்தில் நூல் தெரிந்தாக வேண்டும் என்பது முதல் நிபந்தனை. நூலுக்கு 8 பிக்சல் இருந்த படத்தைச் செய்திச் செயலி சுருக்கி, 4000 பிக்சல் நீளத்தை 1600 ஆக்கினால் நூலுக்கு 3 பிக்சல்தான் மிஞ்சும். அதற்குமேல் சுருக்கத்தின் மங்கல் வேறு. 2 பிக்சலுக்குக் கீழே போனால் நூல் மறைந்து, இல்லாத அலைக்கோடுகள் துணியில் தோன்றும். அந்தக் கோடுகளைக் கண்டால் படத்தைத் திரும்ப எடுப்பதைத் தவிர வழியில்லை. டி-சேர்ட் துணி போன்ற பின்னலாடைத் துணியில் பாவு, ஊடை என்ற பேச்சே இல்லை. அது பிசிறாது, ஓரம் சுருளும்: பக்க ஓரங்கள் பின்னாலும், மேல், கீழ் ஓரங்கள் முன்னாலும். அங்கே பார்க்க வேண்டியது சுருளின் நிழலை.

எனக்கு மிகவும் பிடித்த விதிவிலக்கு சாட்டின். அதன் முகத்தில் பாவு நீளமாக மிதந்து ஊடையை மறைத்துவிடும். மேல், கீழ் ஓரங்களில் நீட்டி நிற்பதும் பாவுதான் என்பதால், முன்பக்கப் படத்தில் துணியும் பிசிறும் ஒரே மாதிரி இருக்கும், கணக்கு குழம்பும். ஆனால் துண்டைத் திருப்பிப் போட்டால் பின்பக்கத்தில் ஊடைதான் மேலே தெரியும், பாவுப் பிசிறு உடனே தனித்து நிற்கும். எனவே சாட்டினுக்கு இரண்டு படம் எடுக்க வேண்டும். இட, வல எல்லைகளை முன்பக்கப் படத்திலிருந்தும், மேல், கீழ் எல்லைகளைப் பின்பக்கப் படத்திலிருந்தும் எடுக்கலாம். அதற்கு இரண்டு படத்திலும் தெரியும்படி ஒரு மூலையைச் சற்றே கத்தரித்து அடையாளம் வைத்துக்கொண்டால், எந்த ஓரம் எது என்பதில் குழப்பம் வராது.