7.6 கிலோவும் 8.1 கிலோவும்: குழந்தைகளுக்கான டிபி மாத்திரைக் கணக்கு

“போன மாசம் ஒரு மாத்திரைதானே சிஸ்டர் குடுத்தீங்க? இப்ப ரெண்டுன்னா, நோய் முத்திடுச்சா?”

டிபி சிகிச்சையில் இருக்கும் கைக்குழந்தையை இரண்டாம் மாதம் எடை பார்க்கக் கொண்டுவரும் அம்மா இப்படிக் கேட்டால் அதில் வியப்பில்லை. குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறது, காய்ச்சல் விட்டுவிட்டது, அரை கிலோ ஏறியும் இருக்கிறது. அந்த நேரத்தில் மருந்தை ஒரே நாளில் இரு மடங்காக்கினால் எந்தத் தாய்க்கும் பயம் வரும். “இல்லம்மா, நோய் குறையுது. பிள்ளை வளர்ந்துட்டான், அதான்” என்று செவிலியர் சொல்லும் பதில் சரியானது. ஆனால் அரை கிலோவுக்கு எதற்கு இரு மடங்கு? அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

பதினாறு மாதக் குழந்தை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் தாத்தாவுக்கு டிபி. சிகிச்சை தொடங்கிய அன்று குழந்தையின் எடை 7.6 கிலோ, வயதுக்கு மிகவும் குறைவு. ஒரு மாதம் கழித்து 8.1 கிலோ.

இந்தியாவில் அரசு தரும் குழந்தைகளுக்கான கூட்டு மாத்திரை ஒன்றில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கின்றன: ஐசோனியசிட் 50 மி.கி., ரிஃபாம்பிசின் 75 மி.கி., பைராசினமைட் 150 மி.கி. எத்தாம்பியூட்டால் மட்டும் 100 மி.கி. தனி மாத்திரை. முதல் இரண்டு மாதம் இந்த நான்கும் தினமும் உண்டு. அடுத்த நான்கு மாதம் பைராசினமைட் இல்லாத கூட்டு மாத்திரையும் எத்தாம்பியூட்டாலும். எத்தனை மாத்திரை என்பதை எடைதான் தீர்மானிக்கிறது. 4 கிலோ முதல் 8-ஐத் தொடும் வரை ஒன்று, 8 முதல் 12-ஐத் தொடும் வரை இரண்டு, 12 முதல் 16 வரை மூன்று, 16 முதல் 25 வரை நான்கு. எத்தாம்பியூட்டாலும் அதே எண்ணிக்கை.

20 கிலோவைத் தொடும் வரை, எடையை நாலால் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் மாத்திரைகளின் எண்ணிக்கை வந்துவிடும். ஒரு மாத்திரை நாலு கிலோவுக்கு என்று பார்த்தால் ரிஃபாம்பிசின் கிலோவுக்குப் பதினெட்டு மி.கி.க்கு மேல் வருகிறது. பெரியவர்களுக்கு நாம் கொடுப்பதோ கிலோவுக்குப் பத்துதான். பச்சைக் குழந்தைக்குப் போய் இவ்வளவு ஏன்?

மருந்தை உடலிலிருந்து வெளியேற்றும் வேகம் எடைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு என்று பார்த்தால், சின்ன உடல் பெரிய உடலைவிட வேகமாக மருந்தைக் கழித்துவிடும். மருந்தியலில் இதற்கு ஒரு நல்ல தோராயக் கணக்கு உண்டு: வெளியேற்றும் வேகம் எடையின் முக்கால் அடுக்கைப் பொறுத்துக் கூடும். 60 கிலோ ஆளையும் 10 கிலோ குழந்தையையும் வைத்துப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் எடை ஆறில் ஒரு பங்கு. ஆனால் அதன் வெளியேற்றும் திறன் ஆறில் ஒன்று அல்ல, ஏறக்குறைய நாலில் ஒன்று. பெரியவர் 600 மி.கி. ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறார் என்றால், ரத்தத்தில் அதே அளவு மருந்து நிற்கக் குழந்தைக்கு 100 மி.கி. போதாது, ஏறக்குறைய 156 மி.கி. வேண்டும். எடைப் பிரிவின்படி 10 கிலோ குழந்தைக்கு இரண்டு மாத்திரை, அதாவது 150 மி.கி. கணக்கும் மாத்திரையும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன பாருங்கள். (ஒரு வயதுக்குள் கல்லீரல் நொதிகள் முழுதாக முதிர்ந்திருக்காது என்பதால் பச்சிளங்குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 4 கிலோவுக்குக் கீழே இந்த எடைப் பிரிவுகளே இல்லை. அங்கே குழந்தை மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.)

இந்தக் கணக்கு வெகுகாலம் நடைமுறைக்கு வரவில்லை. பெரியவர்களின் கிலோ கணக்கையே குழந்தைகளுக்கும் போட்டு வந்தார்கள். 2010-ல் உலக சுகாதார நிறுவனம் அளவுகளை உயர்த்தியது: கிலோவுக்கு ஐசோனியசிட் 10, ரிஃபாம்பிசின் 15, பைராசினமைட் 35, எத்தாம்பியூட்டால் 20 மி.கி. அளவு மாறிவிட்டது, ஆனால் அதற்கேற்ற மாத்திரை இல்லை. அப்போது இருந்த குழந்தைகளுக்கான கூட்டு மாத்திரையில் ரிஃபாம்பிசின் 60, ஐசோனியசிட் 30, பைராசினமைட் 150. புதிய அளவுக்கு ஐசோனியசிட் அதில் பற்றாது.

கூட்டு மாத்திரையில் இருக்கும் முக்கியமான சங்கதி இதுதான். உள்ளே இருக்கும் விகிதம் பூட்டப்பட்டது. எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு மருந்தை மட்டும் கூட்ட முடியாது. பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அதில் ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைராசினமைட் 400, எத்தாம்பியூட்டால் 275. 10 கிலோ குழந்தைக்கு முழு மாத்திரை ஒன்று கொடுத்தால் ரிஃபாம்பிசின் சரியாக 15 வரும். ஆனால் ஐசோனியசிட் 7.5-க்கு இறங்கிவிடும், எத்தாம்பியூட்டால் 27.5-க்கு ஏறி 25 என்ற மேல்வரம்பைத் தாண்டிவிடும். எத்தாம்பியூட்டால் அளவு மிஞ்சினால் பார்வை நரம்பைத் தாக்கக்கூடியது. நிறம் மங்குகிறது என்று சொல்லத் தெரியாத வயதில் அந்த ஆபத்தை யார் ஏற்பார்கள்?

இப்போது நாம் கொடுக்கும் புதிய மாத்திரையில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் விகிதம் 2:3:6. தேவையான விகிதம் 2:3:7. இந்த நெருக்கம் திட்டமிட்டுச் செய்தது. 2015 டிசம்பரில் அந்த மாத்திரை அறிமுகமானது. 2016-ல் கென்யா முதல் நாடாக அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் வாரம் மூன்று நாள் மருந்து என்ற முறை போய், 2017-ல் தினசரி மருந்து நாடெங்கும் வந்தபோது இந்த எடைப் பிரிவுகளும் சேர்ந்தே வந்தன.

இனி நம் குழந்தையிடம் வருவோம். 7.6 கிலோவில் ஒரு மாத்திரை என்றால் கிலோவுக்கு ஐசோனியசிட் 6.6, ரிஃபாம்பிசின் 9.9, பைராசினமைட் 19.7, எத்தாம்பியூட்டால் 13.2 மி.கி. நான்குமே அனுமதித்த கீழ்வரம்புக்குக் கீழேதான் நிற்கின்றன, பைராசினமைட் வெகுவாகவே கீழே. 8.1 கிலோவில் இரண்டு மாத்திரை என்றால் அதே வரிசையில் 12.3, 18.5, 37, 24.7. நான்குமே மேல்வரம்புக்குள், ஆனால் உயரத்தில்.

ஆக, நம் குழந்தை தன் பிரிவின் கடைசிப் படியில் நின்றது. எடை அரை கிலோதான் ஏறியது, ஆனால் படி ஒன்று கடந்துவிட்டது. எடைப் பிரிவு முறையின் பலவீனமான இடம் இதுதான், அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 4 கிலோவும் 7.9 கிலோவும் ஒரே மாத்திரை வாங்குகின்றன. எடை ஏறக்குறைய இரு மடங்கு, மருந்து ஒன்றே. மேலே போகப் போக இந்தப் பள்ளம் குறுகுகிறது. 15.9 கிலோ குழந்தைக்கு மூன்று மாத்திரையில் ரிஃபாம்பிசின் கிலோவுக்கு 14-க்கு மேல் கிடைக்கிறது. 20 கிலோவில் ஐந்தாவது மாத்திரை சேர்க்காமல் 25 வரை நாலிலேயே நிறுத்துவதும், உடல் பெருக்கப் பெருக்கக் கிலோவுக்கான தேவை குறைவதால்தான். 25-ஐத் தொட்டதும் நம் நாட்டில் குழந்தை மாத்திரை மூன்றோடு பெரியவர்களுடையது ஒன்றைச் சேர்க்கிறார்கள். அங்கே ரிஃபாம்பிசின் மறுபடியும் சரியாக 15-ல் வந்து நிற்கும்.

அப்படியானால் மாத்திரையைப் பாதியாக உடைத்து இடைப்படிகள் வைக்கலாமே என்று தோன்றும். கையால் உடைத்த பாதி ஒருபோதும் சரிபாதியாக இருப்பதில்லை. முழு மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பதில் பிழை வர வாய்ப்பு மிகக் குறைவு. பள்ளத்துக்கு மாற்று அடிக்கடி எடை பார்ப்பது. சிகிச்சையில் தேறும் குழந்தை கிடுகிடுவென எடை ஏறும். முதல் நாள் எழுதிய எண்ணிக்கையையே ஆறு மாதமும் தொடர்ந்தால், நன்றாகத் தேறிய குழந்தைதான் அதிகம் நஷ்டப்படும். மாதாமாதம் எடை பார்த்து, அட்டையில் எழுதி, பிரிவு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த முறையின் முதுகெலும்பு என்பேன்.

அந்த எடையும் சரியாக இருக்க வேண்டும். நனைந்த நாப்கினும் சட்டையும் இருநூறு கிராமை எளிதாகச் சேர்த்துவிடும். 7.9 கிலோ குழந்தை 8.1 ஆகத் தெரிந்தால் மருந்து இரட்டிப்பாகும். அதனால் தராசு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, துணியைக் கழற்றிவிட்டு, எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டாம் முறையும் நிறுத்துப் பார்ப்பது நல்லது.

வீட்டில் நடப்பதும் அளவின் ஒரு பகுதிதான். மாத்திரைகளைச் சுமார் 50 மில்லி குடிநீரில், அதாவது சின்ன டம்ளரில் பாதிக்கும் குறைவான தண்ணீரில் போட்டால் தானே கலைந்துவிடும். பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். ரிஃபாம்பிசின் தண்ணீரில் முழுதாகக் கரையாது. கலங்கி மிதந்து, பிறகு அடியில் செந்நிற வண்டலாகப் படியும். மேலே இருக்கும் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வண்டலை விட்டுவிட்டால், எடைப் பிரிவுக் கணக்கு டம்ளரின் அடியிலேயே தங்கிவிடும். டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சுழற்றி, அதையும் கொடுக்க வேண்டும். பிறகு சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், கண்ணீரும் அப்படியே. அது ரிஃபாம்பிசின் உள்ளே போனதற்கான அடையாளம், ரத்தம் அல்ல. விடாத வாந்தியும் கண் மஞ்சளாவதும் வேறு கதை. அவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடையால் பிடிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஐசோனியசிட்டைச் சிலர் உடல் வேகமாகச் சிதைக்கும், சிலர் உடல் மெதுவாக. அது பிறப்பிலேயே வந்தது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் கீதா ராமச்சந்திரன், சௌம்யா சுவாமிநாதன் குழுவினர் குழந்தைகளின் ரத்தத்தில் மருந்தை அளந்து பார்த்தபோது, வேகமாகச் சிதைக்கும் குழந்தைகளிடம் ஐசோனியசிட் குறைவாக இருந்தது, சின்ன வயதுக் குழந்தைகளிடமும் அளவு குறைந்தது. ஒரே எடை, ஒரே மாத்திரை, ஆனாலும் ரத்தத்தில் வேறு வேறு அளவு. அதனால்தான் குழந்தை எடை ஏறவில்லை, இருமல் நிற்கவில்லை என்றால், எண்ணிக்கை சரிதானே என்று விட்டுவிடாமல் மருத்துவர் மேலே தேடிப் போகிறார்.

நம் குழந்தை ஆறாம் மாதத்தில் 9.5 கிலோ என்று வைத்துக்கொண்டால், மாத்திரை இன்னும் அதே இரண்டுதான். ரிஃபாம்பிசின் இப்போது கிலோவுக்கு 15.8, ஐசோனியசிட் 10.5.