எக்சர்ஜி: வால்வில் அழியும் பயனாற்றல்

கொதிகலனிலிருந்து 10 பாரில் வரும் நீராவியை ஒரு வால்வு 3 பாருக்கு இறக்கிவிடுகிறது. ஆலைகளில் இதைப் பி.ஆர்.வி., அதாவது அழுத்தம் குறைக்கும் வால்வு, என்பார்கள். இந்த வால்வில் எவ்வளவு ஆற்றல் வீணாகிறது?

கணக்குப்படி, ஒன்றுமே இல்லை. வால்வு வேலை எதுவும் செய்வதில்லை. மேலே காப்பு போட்டிருந்தால் வெப்பமும் வெளியே போவதில்லை. ஒரு கிலோ நீராவி 2777 கிலோஜூல் என்தால்பியோடு, அதாவது ஓட்டத்தோடு சுமந்துவரும் ஆற்றலோடு, நுழைகிறது, அதே 2777-ஓடு வெளியேறுகிறது. ஆனாலும் முன்பு ஒரு டர்பைனைச் சுழற்றியிருக்கக்கூடிய ஏதோ ஒன்று இப்போது குறைந்துவிட்டது. 'ஆற்றல் இழப்பு' என்று சொன்னால் தப்பாகிவிடும். அந்தக் குறைவுக்கு வேறு சொல் வேண்டும். அதுதான் எக்சர்ஜி.

இந்தச் சொல்லை 1956-இல் உருவாக்கியவர் ஸ்லோவேனியப் பொறியாளர் சோரான் ராண்ட். கிரேக்கத்தில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'எர்கான்' என்றால் வேலை. வெளியே எடுக்கக்கூடிய வேலை என்பதே சொல்லின் உட்பொருள். கருத்து அதைவிடப் பழையது. 1873-லேயே அமெரிக்க அறிவியலாளர் கிப்ஸ் இதைத் தொட்டிருக்கிறார். ஒரு பொருள் தன் சுற்றுப்புறத்தின் வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் வந்து சேரும்வரை அதிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை எடுக்கலாமோ, அதுவே அதன் எக்சர்ஜி. ஆற்றல் அழியாது, எக்சர்ஜி அழியும்.

எவ்வளவு அழிந்தது என்று கண்டுபிடிக்கும் வழி எளிது. கூய், ஸ்டோடோலா இருவர் பெயராலும் வழங்கும் விதி இது:

அழிந்த எக்சர்ஜி = T₀ × புதிதாகப் பிறந்த என்ட்ரோபி

T₀ என்பது சுற்றுப்புற வெப்பநிலை, கெல்வினில். என்ட்ரோபி என்பது ஆற்றல் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு. நம் வால்வுக்குப் போட்டுப் பார்ப்போம். அழுத்தங்கள் கேஜ் காட்டுபவை அல்ல, முழு அழுத்தங்கள். 10 பாரில் உலர்ந்த தெவிட்டிய நீராவியின் என்ட்ரோபி, ஒரு கிலோவுக்கு ஒரு கெல்வினுக்கு, 6.585 கிலோஜூல். அதே என்தால்பியோடு 3 பாருக்கு வந்ததும் அது ஏறக்குறைய 7.116 ஆகிறது. கூடியது 0.531. சுற்றுப்புறம் 30 டிகிரி, அதாவது 303 கெல்வின் என்றால், கிலோவுக்கு சுமார் 161 கிலோஜூல் அழிகிறது. நுழையும்போது நீராவியிடம் இருந்த எக்சர்ஜி ஏறத்தாழ 788 கிலோஜூல். அதில் ஐந்தில் ஒரு பங்கு வால்விலேயே போய்விட்டது. மணிக்கு 2 டன் நீராவி ஓடினால் அது 89 கிலோவாட்.

வால்வைத் தாண்டி ஒரு வெப்பமானி வைத்தாலே இதன் தடம் தெரியும். 3 பாரில் நீர் கொதிப்பது 133.5 டிகிரியில். வெப்பமானியோ 158 அளவில் நிற்கும். வேலையாக வெளியே போகாத ஆற்றல் நீராவியிலேயே தங்கி, அதை மிகைச் சூடாக்கியிருக்கிறது. (நுழையும் நீராவி ஈரமாக இருந்தால் இந்த வித்தியாசம் குறையும், மறைந்தும் போகலாம்.)

இங்கே பலரும் ஒரு இடத்தில் வழுக்குகிறார்கள். வால்வுக்குப் பதில் இழப்பே இல்லாத ஒரு டர்பைன் வைத்தால் கிலோவுக்கு 217 கிலோஜூல் வேலை வரும். அப்படியானால் இழப்பு 217 அல்லவா? இல்லை. டர்பைனிலிருந்து வரும் நீராவி ஈரமானது, அதில் வெப்பம் குறைவு. வால்வு வழி வரும் நீராவியிடம் அதைவிட 56 கிலோஜூல் எக்சர்ஜி கூடுதலாக இன்னும் இருக்கிறது. அதைக் கழித்தால்தான் 161. டர்பைன் வைத்தவர், அடுத்த கட்டத்தில் அதே வெப்பம் வேண்டுமென்றால், கொஞ்சம் கூடுதல் நீராவி அனுப்பியாக வேண்டும். அப்புறம் நிஜமான சிறு டர்பைன் அந்த 217-இல் பாதியை மட்டும் வேலையாக்கினால் அதே 2 டன்னுக்கு 60 கிலோவாட் அளவில்தான் கிடைக்கும். ஓட்டம் சிறிதாகவோ விட்டுவிட்டோ இருந்தால் வால்வே போதும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கிடைக்கும் ஆற்றல்' என்றால் மொத்த ஆற்றலோடு குழம்பும். 'வேலைத்திறன்' என்றால் திறன் என்ற சொல் வேறு அளவைக் குறிக்கும்; வாட்டில் அளப்பது அது. எனக்குப் பிடித்தது 'பயனாற்றல்'. சுற்றுப்புறத்தைச் சார்ந்தது என்பது இச்சொல்லில் இல்லைதான், ஆனால் 'எக்சர்ஜி'யிலும் அது இல்லை. இலங்கைப் பாடநூல்கள் ஆற்றலைச் 'சக்தி' என்பதால் அங்கே 'பயன்சக்தி' பொருந்தும். இப்படி வழியைக் குறுக்கி அழுத்தத்தை இறக்குவதற்கு ஆங்கிலத்தில் திராட்லிங் என்று பெயர்; அந்தச் சொல் தொண்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கு 'நெரித்தல்' அப்படியே உட்காருகிறது. வால்வுக்குச் சிலர் எழுதும் 'ஓரதர்' இங்கே ஒட்டவில்லை. ஓர் அதர் என்றால் ஒரே வழி. இந்த வால்வின் வேலை வழியை ஒருதிசையாக்குவதல்ல, குறுக்குவது. ஆகவே நான் எழுதுவது 'நெரிப்பு வால்வில் அழியும் பயனாற்றல்' என்றுதான்.