கிரியேட்டினும் முடி உதிர்வும்: அந்த 56 சதவீதத்தை எப்படிப் படிப்பது?

"தசை வலிமைக்காகக் கிரியேட்டின் பொடி எடுத்தால் முடி கொட்டும் என்று ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்களே, டாக்டர்" என்று கேட்டுக்கொண்டு இந்த வாரமும் ஒருவர் வந்தார். விளையாட்டு மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி அலுத்துவிட்டது, ஏனெனில் கேட்பவர்களில் அந்த ஆய்வைப் படித்தவர் அநேகமாக எவரும் இல்லை.

2009-இல் வெளியான அந்தத் தென்னாப்பிரிக்க ஆய்வு முடியை அளக்கவே இல்லை. கல்லூரி வயது ரக்பி வீரர்கள் 20 பேருக்கு முதல் 7 நாள் தினமும் 25 கிராம், அடுத்த 14 நாள் 5 கிராம் கிரியேட்டின் கொடுத்து, டெஸ்டோஸ்டிரோனையும், வழுக்கையோடு தொடர்புடைய டிஎச்டி என்ற ஹார்மோனையும் இரத்தத்தில் பார்த்தார்கள். டிஎச்டி 7 நாளில் 56 சதவீதம் கூடியது. ஆனாலும் இயல்பான வரம்பைத் தாண்டவில்லை.

இதில் போலி மருந்துப் பிரிவும் இருந்தது. அதே அணியினர் இடைவெளி விட்டு இரண்டையும் மாறி மாறி எடுத்ததால், ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாக அமைந்தனர். 20 என்ற சிறிய எண்ணிக்கைக்கு இது ஓரளவு ஈடுகட்டும் நல்ல வடிவமைப்பு. சிக்கல் தொடக்க அளவில் இருக்கிறது. கிரியேட்டினுக்கு முன் சராசரி 0.98, போலி மருந்துக்கு முன் 1.26 நானோமோல். எதையும் விழுங்குவதற்கு முன்பே 0.28 வித்தியாசம் என்றால், கிரியேட்டினுக்குப் பின் கூடிய 0.55-இல் எவ்வளவு மருந்தின் வேலை, எவ்வளவு இயல்பான ஏற்ற இறக்கம் என்று இத்தனை குறைந்த பேரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. சதவீதம் பெரிதாகத் தெரிவதற்கும் தாழ்ந்த தொடக்கமே ஒரு காரணம். தயவுசெய்து சதவீதத்தைப் பார்த்ததும் தொடக்க எண்ணைத் தேடுங்கள்.

2025-இல் வெளியான இன்னோர் ஆய்வு முடியையே அளந்தது. 45 ஆண்கள் சேர்ந்து 38 பேர் முடித்த அந்த ஆய்வில், 12 வாரம் தினமும் 5 கிராம் கிரியேட்டின் எடுத்தவர்களுக்கும் போலிப் பொடி எடுத்தவர்களுக்கும் இடையே டிஎச்டியிலோ முடி அடர்த்தியிலோ வேறுபாடு தென்படவில்லை. இதுவும் சிறிய ஆய்வுதான், முடி விஷயத்தில் 12 வாரம் குறுகிய காலமும்கூட. ஆகவே இதையும் இறுதித் தீர்ப்பாக ஏந்தித் திரிய வேண்டாம்.

"ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது, ஆக ஐம்பதுக்கு ஐம்பது" என்ற கணக்குதான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறது. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வில் கட்டுரைக்கு ஒரு வாக்கு என்ற முறை கிடையாது. ஒவ்வொரு ஆய்வின் மதிப்பீடும் எவ்வளவு துல்லியமானது, அதாவது அதன் பிழை வரம்பு எவ்வளவு குறுகியது என்பதைப் பொறுத்தே எடை தரப்படும். ஒவ்வொரு ஆய்வையும் ஒரு சதுரமாகவும் அதன் குறுக்கே ஒரு கோடாகவும் காட்டும் தொகுப்பாய்வு வரைபடத்தில் பெரிய சதுரம் அதிக எடை பெற்ற ஆய்வையும், நீண்ட கோடு தடுமாறும் மதிப்பீட்டையும் காட்டும். ஆய்வுகளுக்கிடையே முரண்பாடு அதிகமாக இருந்து, அதையும் கணக்கில் சேர்க்கும் முறையைக் கையாண்டால், எடைகள் சமநிலையை நெருங்கி, சிறிய ஆய்வும் தன் தகுதிக்கு மீறிப் பேசத் தொடங்கும். அப்படிப்பட்ட தொகுப்பைக் காண நேர்ந்தால், மிகச் சிறிய ஆய்வை நீக்கிய பிறகும் முடிவு நிற்கிறதா என்று ஆசிரியர்கள் சோதித்திருக்கிறார்களா எனப் பாருங்கள். அந்தச் சோதனை இல்லாத தொகுப்பை நான் என் நோயாளிகளிடம் எடுத்துக்காட்டுவதில்லை.